தொண்ணூறாம் நாள் எது? ரத்தான நிகழ்ச்சியின் முன்பணத்தைத் திரும்பக் கேட்பது

நிகழ்ச்சி ரத்தாகிவிட்டது. அரங்கத்துக்கோ, ஒலி ஒளிக்காரருக்கோ, அலங்காரம் செய்பவருக்கோ, படம் எடுப்பவருக்கோ புக்கிங் போடும்போது கட்டிய அட்வான்ஸ் அவர்கள் கையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் ரத்து பற்றி ஒரு பத்தி இருக்கிறது. இந்த நிலையில் பலர் எழுதும் முதல் கடிதமே அவர்கள் கேஸைக் கெடுத்துவிடுகிறது. ஏன் ரத்து செய்ய வேண்டியதாயிற்று என்று முக்கால் பக்கம் எழுதி, கடைசி வரியில் "பார்த்துச் செய்யுங்கள்" என்று முடித்திருப்பார்கள். எதிர்த்தரப்பு அதை ஒரு வேண்டுகோளாகத்தான் படிக்கும். வேண்டுகோளுக்கு மறுப்புச் சொல்வது எளிது. ஒப்பந்தத்தின் ரத்துப் பிரிவைக் காட்டிக் கேட்டால் மறுப்பவரும் அதே பிரிவைக் காட்டித்தான் மறுக்க வேண்டும்.

ரத்து விதிகள் எழுதப்பட்டிருக்கும்போது காரணத்துக்கு அநேகமாக வேலையே இல்லை. இத்தனை நாளுக்கு முன் சொன்னால் இவ்வளவு என்று ஒரு படிக்கட்டு போட்டிருப்பார்கள். எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதுதான் முழு வழக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி அந்தப் படியைக் கணக்கிடுவது பற்றியே போகும். ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு அதையே கடைசிவரை பிடித்துப் போவோம்.

உதாரணம்

ஒரு அரங்கம், 2025 நவம்பர் 22, சனிக்கிழமைக்குப் பதிவு செய்யப்பட்டது. மொத்தக் கட்டணத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். அதில் 30 பங்கு முன்பணமாகக் கட்டியாயிற்று. ஒப்பந்தத்தின் ரத்துப் பிரிவு இப்படி இருக்கிறது:

> 7. வாடிக்கையாளர் எழுத்துமூலம் தெரிவித்து முன்பதிவை ரத்து செய்யலாம். (அ) அறிவிப்பு நிகழ்ச்சி நாளுக்கு 90 நாட்களோ அதற்கும் மேலோ முன்னதாகக் கிடைத்தால், நிர்வாகக் கட்டணமாக 10 சதவீதம் கழித்து முன்பணம் திருப்பித் தரப்படும். (ஆ) 89 முதல் 45 நாட்கள் வரை முன்னதாகக் கிடைத்தால் முன்பணத்தில் பாதி திருப்பித் தரப்படும். (இ) அதற்கும் பின்னர் கிடைத்தால் திருப்பித் தரப்படாது. திருப்பித் தர வேண்டிய தொகை, அறிவிப்பு கிடைத்த 30 நாட்களுக்குள் செலுத்தப்படும்.

வாடிக்கையாளர் ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை இரவு 9.40-க்கு மின்னஞ்சல் அனுப்பினார். அரங்க அலுவலகம் சனி, ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை அஞ்சலைத் திறந்தவர்கள், "எங்களுக்கு ஆகஸ்ட் 25-தான் கிடைத்தது, அது 89-ஆம் நாள், எனவே பாதிதான் வரும்" என்று பதில் போட்டார்கள். கூடவே, முன்பணம் கட்டியபோது கொடுத்த ரசீதின் அடியில் சிறிய எழுத்தில் "முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது" என்று அச்சிட்டிருப்பதையும், பாதி தருவதே தங்கள் பெருந்தன்மை என்பதையும் நினைவூட்டினார்கள்.

ஆக, ஒரே ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு நான்கு விடைகள் வரலாம். நிர்வாகக் கட்டணம் முன்பணத்தில் 10 சதவீதம் என்றால் 27 பங்கு திரும்ப வேண்டும். மொத்தக் கட்டணத்தில் 10 சதவீதம் என்றால் 20. அரங்கத்தின் நாள் கணக்கு சரியென்றால் 15. ரசீது வரிதான் செல்லும் என்றால் ஒன்றுமில்லை. ஒவ்வொன்றாக எடுப்போம்.

நாளை எண்ணுவது

விரல்விட்டு எண்ணும்போதுதான் ஒன்று கூடும், ஒன்று குறையும். நிகழ்ச்சி நாளைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போவது பாதுகாப்பான முறை. ஆகஸ்ட் 22-க்குப் பிறகு அந்த மாதத்தில் மிச்சம் 9 நாள், செப்டம்பர் 30, அக்டோபர் 31, நவம்பரில் 22. கூட்டினால் 92. விரிதாளில் சரிபார்க்க வேண்டுமானால்:

```
=DATE(2025,11,22)-DATE(2025,8,22)
```

விடை 92 என்றே வரும். ஆகஸ்ட் 25-ஐப் போட்டால் 89. எனவே அரங்கத்துக்காரர்கள் எண்ணியதில் பிழையில்லை. எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள் என்பதில்தான் தகராறு.

ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பொறுத்து இந்த எண்ணே மாறும் என்பதையும் கவனிக்க வேண்டும். "முழுதாக 90 நாள் இடைவெளி" என்று இருந்தால், அறிவித்த நாள், நிகழ்ச்சி நாள் இரண்டையும் விட்டுவிட்டு நடுவில் உள்ளவற்றை மட்டும் எண்ணுவது வழக்கம். அப்போது ஆகஸ்ட் 22-க்கு 91 வரும். இன்னும் மேல்படியில்தான் இருக்கிறோம். ஆனால் ஆகஸ்ட் 24-ஆம் தேதி அனுப்பியிருந்தால், சாதாரணக் கணக்கில் 90, இடைவெளிக் கணக்கில் 89. ஒரு சொல்லில் படி இறங்கிவிடும். "மூன்று மாதம் முன்" என்று எழுதியிருந்தால் தேதிக்குத் தேதி பார்க்க வேண்டும். நவம்பர் 22-க்கு மூன்று மாதம் முன் என்பது ஆகஸ்ட் 22, அதாவது 92 நாள். மூன்று மாதமும் 90 நாளும் ஒன்று என்று நினைத்து இரண்டு நாளை இழந்தவர்கள் உண்டு. "வேலை நாட்கள்" என்று இருந்தால் கதையே வேறு: வாரத்துக்கு ஐந்து வேலை நாள் என்றால் 90 வேலை நாள் என்பது 18 வாரம், அதாவது 126 நாள். நடுவில் விடுமுறைகள் வந்தால் இன்னும் கூடும்.

நிகழ்ச்சி இரண்டு மூன்று நாள் நீள்வதானாலும், மேடை போட முந்தின நாளே அரங்கத்தை எடுத்திருந்தாலும், "நிகழ்ச்சி நாள்" என்பதற்கு ஒப்பந்தத்தின் தொடக்கத்தில் விளக்கம் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். சில ஒப்பந்தங்களில் அது வாடகை தொடங்கும் நாள். அப்படியென்றால் உங்கள் கணக்கில் ஒரு நாள் போய்விடும். முன்பு ஒருமுறை தேதி மாற்றியிருந்தால் ரத்து நாட்களைப் பழைய தேதியிலிருந்துதான் எண்ணுவோம் என்று தேதி மாற்றப் பிரிவில் தனியாக எழுதியிருப்பதும் உண்டு. ரத்துப் பிரிவை மட்டும் படித்துவிட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தால் இது கண்ணில் படாது.

எப்போது "கிடைத்தது"?

நம் உதாரணத்தின் உயிர்நாடி இங்கே இருக்கிறது. பிரிவு 7 "அறிவிப்பு கிடைத்தால்" என்கிறது. அனுப்பினால் என்றோ படித்தால் என்றோ சொல்லவில்லை.

முதலில் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். அறிவிப்புகள் எப்படிக் கொடுக்கப்பட வேண்டும் என்று ஒரு பிரிவு அங்கே சத்தமில்லாமல் இருக்கும். எந்த மின்னஞ்சல் முகவரி, எந்த அஞ்சல் முகவரி, எத்தனை மணிக்குள் என்றெல்லாம் அதில்தான் இருக்கும். "மாலை 6 மணிக்குப் பின் வரும் மின்னஞ்சல் அடுத்த வேலை நாளில் கிடைத்ததாகக் கொள்ளப்படும்" என்று அங்கே இருந்தால், வெள்ளி இரவு 9.40 அஞ்சல் திங்களன்று கிடைத்ததாகிவிடும். 89-ஆம் நாள். அரங்கம் சொல்வதே சரி. 15 பங்குக்கு மேல் கேட்க ஒப்பந்தத்தில் இடமில்லை. "அடுத்த நாள்" என்று மட்டும் இருந்தால் சனிக்கிழமை, 91-ஆம் நாள், மேல்படி. வேலை நாள் என்ற சொல் இருக்கிறதா இல்லையா என்பதில் 12 பங்கு தொங்குகிறது.

அப்படி எந்தப் பிரிவும் இல்லையென்றால் பொதுவான விதிக்குப் போக வேண்டும். ஐக்கிய நாடுகளின் பன்னாட்டு வணிகச் சட்ட ஆணையம் 1996-இல் வெளியிட்ட மின்வணிக மாதிரிச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு இதைத்தான் பேசுகிறது. பல நாடுகள் தங்கள் சட்டங்களை இதைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டன. அதன்படி, பெறுநர் இன்ன முகவரிக்கு அனுப்பு என்று குறிப்பிட்டிருந்தால், செய்தி அந்த அமைப்புக்குள் நுழைந்த நேரமே கிடைத்த நேரம். திறந்து படித்த நேரம் கணக்கில் இல்லை. ஆனால் குறிப்பிட்ட முகவரியை விட்டுவிட்டு அவருடைய வேறொரு முகவரிக்கு அனுப்பினால், அவர் எடுத்துப் பார்த்த நேரம்தான் கிடைத்த நேரம். இந்த இரண்டாம் பாதி முக்கியம். ஒப்பந்தத்தில் உள்ள அலுவலக முகவரிக்கு அனுப்பாமல், நன்றாகப் பழகிய விற்பனைப் பொறுப்பாளரின் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பியிருந்தால், திங்கட்கிழமை வாதத்தை அவர்கள் கையில் நீங்களே கொடுத்ததாக ஆகும். உங்கள் நாட்டுச் சட்டம் இந்த மாதிரியிலிருந்து விலகியிருக்கவும் கூடும். தொகை பெரிதென்றால் ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது.

அடுத்து, கிடைத்ததை எப்படிக் காட்டுவது? "அனுப்பியவை" பட்டியலில் இருப்பது அனுப்பியதற்கு மட்டுமே சான்று. அரங்கத்தின் பெட்டியிலிருந்து தானாக வந்த பதில் இருந்தால் அதுதான் தங்கம். "உங்கள் அஞ்சல் கிடைத்தது, அலுவலகம் திங்கள் திறக்கும்" என்று வெள்ளி 9.41-க்கு ஒரு பதில் வந்திருந்தால் வழக்கு ஏறக்குறைய முடிந்தது. பலர் அதைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள்; அழித்தவை உள்ள பெட்டியைத் தேடிப் பாருங்கள். அது இல்லையென்றால், அஞ்சல் திரும்பி வரவில்லை என்பதும், அவர்கள் அனுப்பிய பதிலின் கீழே உங்கள் அஞ்சல் வெள்ளி இரவு நேரத்தோடு அப்படியே ஒட்டிக்கொண்டிருப்பதும் துணைச் சான்றுகள்.

வாட்ஸ்அப்பில் மட்டும் சொன்னவர்கள் பதற வேண்டாம். முதலில் ஒப்பந்தம் மின்னஞ்சலை மட்டுமே ஏற்கிறதா, "எழுத்துமூலம்" என்று பொதுவாகச் சொல்கிறதா என்று பாருங்கள். பொதுவாக இருந்தால், இரண்டு டிக் விழுந்த செய்தி எழுத்துமூல அறிவிப்புதான் என்று வாதாட இடமிருக்கிறது. செய்தியை அழுத்திப் பிடித்து அதன் தகவல் பக்கத்தைத் திறந்தால் சேர்ந்த நேரமும் படித்த நேரமும் தனித்தனியாக இருக்கும். இரண்டும் தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உரையாடலில் செய்திகள் தானாக மறையும் வசதி போட்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். மின்னஞ்சல் மட்டுமே என்று இருந்து, இன்னும் படி மாறவில்லையென்றால், இதை மேலே படிப்பதற்குள் அந்த முகவரிக்கு ஒரு வரி அனுப்பிவிடுங்கள். போனில் மட்டும் சொல்லியிருந்தாலும் அதேதான்.

பத்து சதவீதம் எதில்?

பிரிவு 7(அ) "10 சதவீதம் கழித்து" என்கிறது. எதில் என்று சொல்லவில்லை. இப்படித் தொங்கும் சதவீதங்கள் ரத்து விதிகளில் சாதாரணம். அவசரத்தில் வேறொருவரின் ஒப்பந்தத்திலிருந்து வெட்டி ஒட்டும்போது நேர்வது.

இதற்கு விடை பெரும்பாலும் அதே தாளில் கிடைக்கும். ஒப்பந்தத்தில் "சதவீதம்" என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் தேடுங்கள். தாமதக் கட்டணப் பிரிவில் "மொத்தக் கட்டணத்தில் 2 சதவீதம்" என்று இருந்தால், மொத்தத்தைக் குறிக்க விரும்பியபோது அதைச் சொல்லத் தெரிந்திருக்கிறார்கள் என்று ஆகிறது. இங்கே சொல்லவில்லை. அதோடு, அடுத்த படியான (ஆ)-வும் முன்பணத்தைத்தான் பாதியாக்குகிறது. வாக்கியமும் முன்பணத்தைப் பற்றியதுதான். எனவே 10 சதவீதம் முன்பணத்தில்தான், கழிவு 3 பங்கு, திரும்ப வேண்டியது 27. இதற்கு மேலும் ஐயம் நின்றால், இரண்டு பொருள் தரும் வாசகத்தை எழுதியவருக்குப் பாதகமாகப் பொருள்கொள்வது என்பது பல சட்ட மரபுகளில் உள்ள கொள்கை. அச்சடித்த ஒப்பந்தத்தில் கையெழுத்து மட்டும் போட்ட வாடிக்கையாளருக்கு அது துணை நிற்கும். ஆனால் அதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே தூக்கிப் போட வேண்டாம். ஒப்பந்தத்தின் சொந்தச் சொற்களை வைத்தே வாதம் நிற்கும்போது அது தேவையில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. சில ஒப்பந்தங்களில் படிக்கட்டு தலைகீழாக எழுதப்பட்டிருக்கும். எவ்வளவு திரும்பும் என்று சொல்லாமல், ரத்துக் கட்டணம் எவ்வளவு என்று சொல்வார்கள்: "89 முதல் 45 நாட்கள் எனில், மொத்தக் கட்டணத்தில் 50 சதவீதம் ரத்துக் கட்டணம்". நீங்கள் கட்டியது 30. ரத்துக் கட்டணம் 50. இந்த வாசகத்தில் கீழ்ப்படியில் நின்றுகொண்டு "விதிப்படி என் முன்பணத்தைக் கொடு" என்று கேட்டால், விதிப்படி இன்னும் 20 பங்கு நீங்கள்தான் தர வேண்டும் என்று பதில் வரக்கூடும். பெரும்பாலான நிறுவனங்கள் அந்த மீதியைத் துரத்துவதில்லை. தூங்குவதை எழுப்பாமல் இருப்பதே மேல். அப்படிப்பட்ட நிலையில் விதியைக் காட்டிக் கேட்காமல், அந்தத் தேதி வேறொருவருக்குப் போய்விட்டதா என்று விசாரித்துப் பேசுவதே வழி. அதே நாளை மறுபடி விற்றுவிட்டார்கள் என்றால் அவர்களுக்கு உண்மையான இழப்பு குறைவு. பிடித்தம் இழப்பை ஈடுகட்டும் அளவைத் தாண்டித் தண்டனையாக மாறினால் அதைக் கேள்வி கேட்கப் பல நாடுகளின் சட்டங்கள் இடம் தருகின்றன.

ரசீதின் அடியில் இருக்கும் வரிக்கு வருவோம். ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்ட பின், ஒரு தரப்பு மட்டும் அச்சிட்டுக் கொடுத்த ரசீது அந்த ஒப்பந்தத்தை மாற்றாது என்பதுதான் பொதுவான நிலை. இதற்குத் தேதிகள் முக்கியம்: ஒப்பந்தம் முதலில், பணம் அடுத்து, ரசீது கடைசியில் என்ற வரிசையைக் கடிதத்தில் காட்டினால் போதும். வரிசை தலைகீழாக இருந்தால், அதாவது ரசீது முதலில் வந்து ஒப்பந்தம் பின்னால் கையெழுத்தாகியிருந்தால், இன்னும் நல்லது. பிந்தைய ஆவணம் முந்தையதை மேவுகிறது என்று சொல்லலாம். ஒப்பந்தமே கிடையாது, ரசீது மட்டும்தான் என்றால் அந்த வரியைச் சும்மா தள்ளிவிட முடியாது. அப்போது பணம் கட்டுவதற்கு முன் வந்த கொட்டேஷன், மின்னஞ்சல், வாட்ஸ்அப் பேச்சு எதிலாவது ரத்து பற்றி வேறு மாதிரி சொல்லியிருக்கிறார்களா என்று தோண்ட வேண்டும். விதிகள் எங்கள் இணையதளத்தில் உள்ளன என்று மட்டும் இருந்தால், பதிவு செய்த நாளன்று அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. பிறகு மாற்றி எழுதியது உங்களைக் கட்டாது. பழைய பக்கத்தை, இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் தேடிப் பார்க்கலாம், எல்லாத் தளங்களும் அதில் இருக்காது என்றாலும்.

கடிதம்

இத்தனையும் முடிந்த பிறகு எழுத வேண்டியது ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். ஆகஸ்ட் 26 அன்று அரங்கத்தின் பதில் வந்தது என்று வைத்துக்கொண்டால், 28-ஆம் தேதிக் கடிதம் இப்படி இருக்கலாம்:

> பொருள்: 2025 நவம்பர் 22 முன்பதிவு ரத்து – பிரிவு 7(அ)-வின்படி முன்பணம் திருப்பித் தருதல்
>
> வணக்கம்.
>
> 2025 மார்ச் 10 தேதியிட்ட ஒப்பந்தத்தின்படி மேற்கண்ட நாளுக்கு அரங்கத்தைப் பதிவு செய்து, மார்ச் 12 அன்று முன்பணம் 30 செலுத்தினேன். ஒப்பந்தத்தில் குறிப்பிட்டுள்ள உங்கள் மின்னஞ்சல் முகவரிக்கு ஆகஸ்ட் 22 இரவு 9.40-க்கு ரத்து அறிவிப்பு அனுப்பினேன். இரவு 9.41-க்கு உங்கள் தானியங்கிப் பதில் வந்தது. இரண்டும் இணைப்பில் உள்ளன.
>
> பிரிவு 7(அ) கூறுவது: "அறிவிப்பு நிகழ்ச்சி நாளுக்கு 90 நாட்களோ அதற்கும் மேலோ முன்னதாகக் கிடைத்தால், நிர்வாகக் கட்டணமாக 10 சதவீதம் கழித்து முன்பணம் திருப்பித் தரப்படும்." ஆகஸ்ட் 22 முதல் நவம்பர் 22 வரை 92 நாட்கள். அலுவலக நேரத்துக்குப் பின் வரும் அஞ்சல் அடுத்த வேலை நாளில் கிடைத்ததாகக் கொள்ளப்படும் என்று ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை.
>
> உங்கள் ஆகஸ்ட் 26 பதிலில் குறிப்பிட்ட ரசீது வாசகம், ஒப்பந்தம் கையெழுத்தான பின் தரப்பட்டது. அது பிரிவு 7-ஐ மாற்றவில்லை.
>
> எனவே முன்பணம் 30-இல் 10 சதவீதமான 3 போக, 27 திருப்பித் தரப்பட வேண்டும். பிரிவு 7-இன்படி அறிவிப்பு கிடைத்த 30 நாட்களுக்குள், அதாவது செப்டம்பர் 21-க்குள், நான் பணம் செலுத்திய அதே வழியில் அனுப்பிவைக்கக் கோருகிறேன். இந்தக் கணக்கில் உடன்பாடில்லையெனில், எந்தப் பிரிவின்படி என்று குறிப்பிட்டு செப்டம்பர் 5-க்குள் எழுதவும்.

தொகை இருக்கும் இடங்களில் முழுத் தொகையை எண்ணிலும் எழுத்திலும் போடுங்கள். ஒப்பந்தத்தின் அந்தப் பக்கம், பணம் செலுத்திய சான்று, அறிவிப்பு, தானியங்கிப் பதில் ஆகிய நான்கும் இணைப்பாகப் போனால் போதும். மற்றவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கெடு தேதியைக் கவனித்தீர்களா? பலர் "7 நாளில் தராவிட்டால்" என்று எழுதுகிறார்கள். ஒப்பந்தமே 30 நாள் கொடுத்திருக்கும்போது 7 நாள் கேட்பது நீங்கள் காட்டும் அதே பிரிவை நீங்களே மீறுவது. பணத்துக்கு ஒப்பந்தத் தேதியையும், கணக்குப் பற்றிய பதிலுக்குக் கிட்டிய தேதியையும் தனித்தனியாக வைப்பது இதனால்தான். செப்டம்பர் 5-க்குள் வரும் பதிலில் அவர்கள் எந்தப் பிரிவில் ஊன்றி நிற்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். பதிலே வராவிட்டால் அதுவும் பின்னால் பயன்படும்.

இதில் மிரட்டல் இல்லை, காரணக் கதை இல்லை. "மோசடி" என்ற சொல் இல்லவே இல்லை. மதிப்புரையில் எழுதிக் கிழித்துவிடுவேன் என்ற வரியும் வேண்டாம். பணம் கொடுத்தால் எழுதமாட்டேன் என்று பேரம் பேசியதாக அதைத் திருப்பிக் காட்ட முடியும். இன்னொன்று, 20 வந்தாலும் சரி என்று முதல் கடிதத்திலேயே இறங்கிவர வேண்டாம். உங்கள் மனதில் எல்லை எங்கே என்று தெரிந்திருந்தால் போதும்.

வரும் பதில்கள்

"உங்களுக்காக ஏற்கெனவே செலவு செய்துவிட்டோம்" என்பது அடிக்கடி வருவது. படிக்கட்டு விதியில் அந்தச் செலவுக்காகத்தான் பிடித்தமே வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் இன்னொரு கழிவுக்கு ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். "உண்மையில் ஆன செலவு கழிக்கப்படும்" என்று இருந்தால், ரசீதுகளைக் கேட்பதுதான் சரியான பதில். ஆர்டர் போட்ட தேதி உங்கள் அறிவிப்புக்கு முன்பா பின்பா என்று பாருங்கள். அலங்காரக்காரர், ஒலி ஒளிக்காரர் விஷயத்தில் இது நியாயமாகவே இருக்கலாம். உங்களுக்கென்றே செய்த பின்னணித் திரையை வேறு யாருக்கும் விற்க முடியாது. வாடகைக்கு விடும் விளக்குகளை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. கார்டு கட்டணம், வங்கிக் கட்டணம் என்று சில்லறையாகக் கழிப்பதற்கும் இதே கேள்வி: எந்தப் பிரிவு?

"பணமாகத் தர முடியாது, ஒரு வருடத்துக்குள் வேறு தேதி எடுத்துக்கொள்ளுங்கள்" என்பது கேட்க நன்றாக இருக்கும். ஒப்பந்தம் பணம் என்று சொன்னால் பணம்தான். போனில் "சரி, பார்க்கலாம்" என்று நீங்கள் சொன்னதை ஒப்புக்கொண்டதாக எழுதிவிடுவார்கள். அதனால் அழைப்பு முடிந்ததும் இரண்டு வரி அனுப்பிவிடுங்கள்: மாற்றுத் தேதி பற்றிச் சொன்னீர்கள், நான் அதை ஏற்கவில்லை, ஆகஸ்ட் 28 கடிதக் கோரிக்கை அப்படியே நிற்கிறது.

செப்டம்பர் 21 தாண்டியும் பணம் வரவில்லையென்றால், அடுத்த நாள் ஒரு சிறு நினைவூட்டல், அதில் 7 நாள் கெடு, அதன் பின் எடுக்கப்போகும் நடவடிக்கை என்ன என்று ஒரு வரி. உண்மையிலேயே செய்யப்போவதை மட்டும் எழுதுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் தகராறு எழுப்பலாம். இதற்குக் கால வரம்பு உண்டு. பெரிய கார்டு நிறுவனங்களின் விதிகளில் 120 நாள் என்பது வழக்கமான எண். அது எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பது தகராறின் வகையைப் பொறுத்தது. எனவே அரங்கத்தோடு கடிதம் பரிமாறிக்கொண்டே இருந்து அந்த வாசலை மூடவிடாமல், கடைசித் தேதியை வங்கியிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்கும் இதே கடிதமும் நான்கு இணைப்புகளும் போதும். வங்கி ஊழியரும் பிரிவு 7-ஐயும் இரண்டு தேதிகளையும்தான் பார்ப்பார். தகராறு நடக்கும்போது அரங்கமும் தனியே பணம் அனுப்பிவிட்டால் உடனே வங்கிக்குச் சொல்லிவிடுங்கள், இரட்டை வரவு உங்கள் பக்கத்து நியாயத்தைக் கெடுக்கும். ஏதாவது முன்பதிவுத் தளத்தின் வழியாகக் கட்டியிருந்தால் முதலில் அந்தத் தளத்தின் விதிகளைப் பாருங்கள். பணம் இன்னும் அவர்களிடமே இருக்கலாம். நேரடிப் பரிமாற்றமோ ரொக்கமோ என்றால் நுகர்வோர் அமைப்பு அல்லது சிறு தொகை வழக்குகளுக்கான மன்றம்தான். அங்கே நுழையும்போதும் மேலே சொன்ன அதே கோப்புதான் கையில் இருக்கும்.

பாதியில் சமரசம் வருவது சகஜம். 20 தருகிறோம் என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன வாசகத்துக்கு, தானியங்கிப் பதிலும் கையில் இருந்தால், நான் 27-இலேயே நிற்கச் சொல்வேன். தானியங்கிப் பதில் இல்லையென்றால் 20 மோசமான முடிவு அல்ல. மன்றத்துக்குப் போய் 15-இல் முடியும் வாய்ப்பு அப்போது உண்மையானது. எப்படியானாலும், பகுதித் தொகையோடு வரும் "முழுமையான, இறுதியான தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளைப் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். மீதியைத் தொடர்ந்து கேட்கப்போகிறீர்கள் என்றால், "27-இல் பகுதியாக 15 பெற்றேன், மீதி 12 நிலுவை" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அவர்கள் மறுத்தால் கணக்கில் வந்த தொகைக்கு அதே வாசகத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

பணம் வந்ததும் இரண்டு காரியம் பாக்கி இருக்கும். முன்பணம் தவிரச் சேதத்துக்கென்று பாதுகாப்பு வைப்பு ஏதாவது கட்டியிருந்தால் அது ரத்துப் பிரிவுக்குள் வராது; நிகழ்ச்சியே நடக்காதபோது சேதமும் இல்லை என்பதால் அது முழுதாகத் திரும்ப வேண்டும், தனியாகக் கேளுங்கள். இரண்டாவது தவணைக்குத் தானாகப் பணம் பிடிக்கும் அனுமதியைக் கார்டிலோ வங்கியிலோ கொடுத்திருந்தால், ரத்து அறிவிப்பு அதை நிறுத்தாது. வங்கிச் செயலிக்குள் போய் அதை நீங்களே நிறுத்த வேண்டும்.